கத்தரிக்காய்க் கறியில் ஒரு வால்

2024 ஓகஸ்ட் பதினேழாம் திகதி, சனிக்கிழமை, பகல் ஒன்று பத்துக்கு அது தொடங்கியது. அது நடந்த மேசை சுவர்க் கடிகாரத்துக்கு நேர் கீழே இருந்ததால் நேரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

புளியங்குளத்துக்குக் கிட்ட, ஏ-ஒன்பது வீதியோரத்தில் அம்மா ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறா. பல்கலைக்கழக விடுமுறைகளில் நான் பரிமாறுவேன். அன்று ஓர் இளம் தம்பதியர் தங்கள் சொந்த ஓட்டோவில் வந்திருந்தார்கள். மனைவிக்கு வயிற்றில் ஏழு மாதம். முதல் பிள்ளைப்பேற்றுக்காக நெளுக்குளத்திலுள்ள தாய்வீட்டுக்குப் போகிறார்கள் என்பதைச் சோறு போடும்போதே சொல்லியிருந்தா. பாதி சாப்பிட்டிருந்த நிலையில் அவவுடைய கை நின்றது.

"இஞ்சேருங்கோ," என்றா கணவனிடம்.

கத்தரிக்காய்த் துண்டுகளுக்கிடையில், குழம்பில் ஊறி, வெளிறிய ஒன்று வளைந்து கிடந்தது. ஒரு முனை பருத்தும் மறுமுனை ஒடுங்கியும் இருந்தது. கணவர் குனிந்து பார்த்தார்.

"பல்லி வால்," என்றார்.

பல்லி விழுந்த பாலைக் குடித்து ஒரு குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போன கதையைக் கேளாதவர் எங்கள் பக்கத்தில் இல்லை. கண்டவரும் இல்லை. ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்தவுடன் நானும் அதை நம்பினேன். 'அது கத்தரிக்காய்க் காம்பு' என்ற வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது. கையிலிருந்த கரண்டியும் அதை எடுத்தெறிவதற்காகத் தட்டை நோக்கி நீண்டுவிட்டது.

"தொடாதை," என்றா அம்மா. குசினி வாசலில் நின்றா.

அம்மா தட்டைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் முதலில் பார்த்தா. "பிள்ளை, இப்பிடி வேற ஏதும் விழுங்கினனீங்களோ?"

"தெரியேல்லை அம்மா. கதைச்சுக்கொண்டு சாப்பிட்டனான்."

"பிழை எங்கடைதான். என்னெண்டாலும் எங்கடை சட்டியில இருந்துதான் வந்தது."

கணவர் கைபேசியை எடுத்துத் தட்டைப் படம் பிடித்தார். தடுப்பதற்கு நான் ஓரடி வைத்தேன். "எடுக்கட்டும்," என்றா அம்மா.

"நான் பி.எச்.ஐ.க்குப் போன் அடிப்பன்," என்றார் அவர். சுகாதாரப் பரிசோதகரைச் சொன்னார். "கடையைப் பூட்டாமல் விடமாட்டன்."

"அடியுங்கோ தம்பி. முதல் இவாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்."

அடுத்து அம்மா செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு லொறிச் சாரதி மற்ற மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் திரும்பி, முழுக்கடைக்கும் கேட்கும்படி சொன்னா: "கத்தரிக்காய்க் கறியில ஒண்டு கிடந்திருக்கு. என்னெண்டு இன்னும் தெரியாது. அதைச் சாப்பிடாதேங்கோ. காசும் வேண்டாம்."

"நான் ரெண்டுதரம் கேட்டு வாங்கித் திண்டிட்டன் அக்கா," என்றார் சாரதி. "வால் அங்கை போனதெண்டால், தலை எனக்குத்தான்." தன் பகிடிக்குத் தானே சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கையைக் கழுவிவிட்டு வயிற்றைத் தடவியபடி உட்கார்ந்தார். போகவும் இல்லை.

குசினிக்குள் அம்மா கறிச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, மூடி, ஒரு மூலையில் தனியாக வைத்தா. அந்தச் சட்டிக்குள் போட்ட அகப்பையையும் எடுத்து அதன் மேலேயே வைத்தா. அதற்குள் சத்தம் கேட்டுப் பின்வாசலில் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் வந்து நின்றார்.

"அக்கா, உந்தக் கறியை ஊத்திப்போட்டுச் சட்டியைக் கழுவுங்கோ. சாமான் இல்லாட்டிக் கதையும் இல்லை."

"அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தா டொக்டர் என்னத்தைப் பாத்து மருந்து குடுக்கிறது?"

அவர் சொன்னதையே நானும் நினைத்திருந்தேன். அம்மா அந்தப் பெண்ணின் தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, துணியால் கட்டி என்னிடம் தந்தா. "சரிக்காமல் கொண்டு போ. அவாவை விட்டிட்டு வராதை."

ஓட்டோவில் நான் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வழியில் அவ ஒருதரம் வெளியே தலையை நீட்டிச் சத்தி எடுத்தா. பிறகு என் மணிக்கட்டை இறுகப் பிடித்தா.

"தங்கச்சி, அசையேல்லை."

எது என்று நான் கேட்கவில்லை. முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கணவருக்கும் கேட்டிருக்க வேண்டும், வேகம் கூடியது. என் மடியில் இருந்த பொதி சூடாக இருந்தது. ஒரு பிள்ளை இறந்துகொண்டிருக்கிறது, அதைக் கொன்றது எங்கள் சமையல் என்று நான் முழுமையாக நம்பினேன். அந்த நம்பிக்கையை மறுப்பதற்கு எனக்குத் தெரிந்த எதுவும் உதவவில்லை.

வைத்தியசாலையில் ஓர் இளம் பெண் வைத்தியர், அவவைப் படுக்கவைத்து, வயிற்றில் ஒரு சிறு கருவியை வைத்து நகர்த்தினார். முதலில் இரைச்சல் மட்டும் வந்தது. இடத்தை மாற்றினார். மறுபடியும் இரைச்சல். பிறகு, ஓடிவரும் குதிரையைப் போல, விரைவான ஒரு துடிப்பு அறை முழுவதும் கேட்டது. கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை நல்லா இருக்கு. இனி அந்தத் தட்டைக் காட்டுங்கோ."

வைத்தியர் அதை இடுக்கியால் எடுத்து, தண்ணீரில் அலசி, வெள்ளைப் பஞ்சின்மேல் வைத்தார். குழம்பு போனதும் உடலில் வளையங்கள் தெரிந்தன. பருத்த பக்கத்துக்குக் கிட்ட மயிர் போல் சிறு கால்கள். நுனியில் மண்ணிறமாக ஒரு பொட்டு.

"வாலுக்குத் தலை இருக்குமோ?" என்றார் வைத்தியர், அந்தப் பொட்டைக் காட்டி. "இது புழு. கத்தரிக்காயைத் துளைச்சு உள்ளை இருக்கிறது."

"நஞ்சில்லையோ?"

"அவிஞ்ச புழு. அருவருப்புத்தான், நஞ்சில்லை. பல்லியெண்டாலும் நஞ்சில்லை. அதில இருக்கிற கிருமிக்குத்தான் பயப்பிட வேணும். பின்னேரம் வரைக்கும் வைச்சுப் பாப்பம்."

பயம் விலகிய இடத்தில் கணவருக்குக் கோபம் வந்தது. "அப்ப புழுவெண்டால் பரவாயில்லையோ தங்கச்சி? இதுதான் உங்கடை சாப்பாடோ?"

"இல்லை அண்ணா. பரவாயில்லையெண்டு நான் சொல்லேல்லை. பிழை எங்கடைதான்."

அவர் என் முன்னாலேயே பி.எச்.ஐ.க்கு அழைத்தார். நான் அம்மாவுக்கு அழைத்தேன். முதலில் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். பிறகு, அது புழு என்பதை. "சாரதியிட்டையும் சொல்லுறன்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைபேசியை வைத்தா.

பின்னேரம் வைத்தியர் அவவை வீட்டுக்கு அனுப்பிய பிறகு நான் கடைக்குத் திரும்பினேன். மாலையில் பி.எச்.ஐ. அங்கு வந்தார். சட்டியைக் கிண்டி இன்னொரு புழுவை எடுத்தார். கூடையில் மிஞ்சியிருந்த கத்தரிக்காய்களில் குண்டூசி நுனியளவு துளைகளைக் காட்டினார். துளையுள்ளதை வாங்க வேண்டாம், வட்டமாக அரியாமல் நெடுக்காகப் பிளந்து பார்த்து உப்புத்தண்ணீரில் போட வேண்டும் என்றார். கறியைத் தன் முன்னால் குப்பைக் கிடங்கில் கொட்டச் செய்தார். கடையைப் பூட்டச் சொல்லவில்லை. சொல்லாமல் ஒருநாள் திரும்பி வருவேன், அப்போதும் இப்படியென்றால் வழக்குத்தான் என்றார். "ஓம் சேர்," என்றா அம்மா. அவ அன்று ஒன்றும் சாப்பிடவில்லை. நானும்தான்.

மறுநாள் காலை, கடை திறப்பதற்கு முன், ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கியிருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். கணவர் எடுத்தார். யாரென்று சொன்னதும் கைபேசியை மனைவியிடம் கொடுத்தார்.

"அசையுதோ அக்கா?"

"ஓம். விடிய நல்லா உதைச்சது. சோத்தைக் கண்டால்தான் இன்னும் பிரட்டுது. பாண் சாப்பிட்டனான்."

சட்டியில் இரண்டாவது புழுவும் இருந்ததை நான் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று சொல்லி முடித்த பிறகுதான் தோன்றியது.

"படத்தை இவர் ராத்திரியே ஃபேஸ்புக்கில போட்டிட்டார்," என்றா அவ. "கடைப் பேரோட. பல்லியெண்டு போட்டிருந்தவர். அதை அழிச்சுப் புழுவெண்டு போடச் சொன்னனான்."

"அது சரிதான் அக்கா."

உள்ளே போய், கேட்டதை ஒரு சொல்லும் மாற்றாமல் அம்மாவிடம் சொன்னேன். அம்மா தலையை ஆட்டினா. பிறகு நான் போய்க் கடைக்கதவைத் திறந்தேன்.