நாலு பேருக்கும் பிடித்த நகை

நெய்வேலி மெயின் பஜாரில் ஒரு நகைக்கடையில் கல்யாண நகைப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. சேர்ந்த புதிதில் வெள்ளிக் கொலுசும் மெட்டியும் விற்றேன். பிறகு கம்மல், மோதிரம். கல்யாண நகைக்கு வந்து சேர வருஷங்கள் பிடித்தன. கம்மல் வாங்க ஒரு ஆள் வருவார், பிடித்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார். கல்யாண நகைக்கு ஒரு வீடே கிளம்பி வரும். வராதவர்கள் போனில் இருப்பார்கள். படம் வாட்ஸ்அப்பில் போகும். துபாயிலிருந்து அண்ணன் வேண்டாம் என்பார். பணம் கொடுப்பவர் ஒருவர், போட்டுக்கொள்பவர் ஒருவர், சம்மதம் சொல்ல வேண்டியவர் வேறொருவர். அந்த மூன்றாவது ஆள் யார் என்று கண்டுபிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அந்தக் கர்வத்துக்கு அடிப்படை ஒரு வியாபாரம். அதைச் சொல்கிறேன்.

தை முகூர்த்தத்துக்கு முன்னால், கடை திறந்து சாம்பிராணி போட்டு முடித்த நேரம். நான்கு பேர் உள்ளே வந்தார்கள். கல்யாணப் பெண், அவளுடைய அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை, அம்மாவின் தம்பியான தாய்மாமன். அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட். அன்று ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்பதால் வரவில்லை. பெண் வடலூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மாமா குள்ளஞ்சாவடியில் உரக்கடை வைத்திருந்தார். இவ்வளவும் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்த நேரத்துக்குள் நானே கேட்டுத் தெரிந்துகொண்டது.

அவர்கள் முத்தாண்டிக்குப்பம் என்று சொன்னதும், நானும் அந்த ஊர்தான் என்று சொன்னேன். அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“யாரு வூட்டுப் பொண்ணு?”

சொன்னேன். என் அம்மா அவர்கள் நிலத்தில் நாற்று நட்டவர், களை எடுத்தவர். அத்தைக்குத் தெரிந்துவிட்டது; எனக்கும் அவரைத் தெரியும். அவர் பார்வையை ஷோகேஸ் பக்கம் திருப்பிக்கொண்டார். மாமாதான், நம்ம ஊர்ப் பெண் என்றால் ஏமாற்ற மாட்டாள் என்று சொல்லிச் சிரித்தார். நான் தட்டில் சிவப்பு வெல்வெட்டை விரித்தேன்.

முதலில் பெண்ணிடம் கேட்டேன். தினமும் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு சங்கிலி இருந்தால் போதும் என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அத்தை, சங்கிலியெல்லாம் அப்புறம், முதலில் கல் வைத்த ஆரத்தை எடு என்றார். மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. மாமாவுக்குக் கல்லே ஆகாது. கல்லுக்குத் தனியாக விலை போடுவார்கள், நாளைக்கு மாற்றப் போனால் கல்லைக் கழித்துவிடுவார்கள், சேதாரமும் அதிகம் என்றார். அவர் சொன்னது சரிதான். அம்மாவுக்குக் கவலை வளையலைப் பற்றி. மூத்த மகளுக்கு ஒரு ஜோடி அகல வளையல் போட்டிருந்தார்களாம். இவளுக்கும் அதே மாதிரி போடாவிட்டால் நாளைக்குப் பேச்சு வரும்.

மாப்பிள்ளை வீட்டுக்கு இத்தனை பவுன் என்று பேசியாகிவிட்டது. அதற்குள்தான் எல்லாம் அடங்க வேண்டும். பெரிய ஆரம் எடுத்தால் வளையல் இல்லை. வளையல் எடுத்தால் ஆரம் சிறுத்துவிடும். சங்கிலிக்கு எப்படிப் பார்த்தாலும் இடமில்லை.

அத்தை கைகாட்டிய ஆரத்தை எடுத்துக்கொண்டு, பெண்ணின் கழுத்தில் மாட்டப் போனேன். எங்கள் வேலையில் அது வழக்கம். அத்தை என் கையிலிருந்து ஆரத்தை வாங்கிக்கொண்டார்.

“நீ இரு. நானே மாட்டி வுடறேன்.”

நான் கையை எடுத்துக்கொண்டேன். எதனால் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. அந்தப் பெண்ணுக்கும் புரிந்திருக்க வேண்டும், கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் குனிந்துகொண்டாள். அத்தைக்குக் கொக்கி பிடிபடவில்லை. கடைசியில் அம்மா எழுந்து போய் மாட்டினார். நான் கண்ணாடியைத் திருப்பி வைத்து, விளக்கைச் சரிசெய்தேன். முகம் கோணாமல் நிற்பது எங்களுக்குப் பழக்கம்தான். ஆனாலும் அன்று அப்படி நின்றதை இப்போது நினைத்தாலும் எனக்கு நிறைவாக இருக்கிறது.

அத்தை தன் பங்குக்கு ஒரு பழைய முறுக்குச் சங்கிலியைக் கொண்டுவந்திருந்தார். அதை மாற்றி, அந்த மதிப்பை ஆரத்தில் கழித்துக்கொள்ள வேண்டும். அவர் கண்முன்னாலேயே மெஷினில் வைத்துத் தரம் பார்த்தோம். அந்தக் காலத்தில் ஆசாரி கையால் செய்தது. கண்ணிக்குக் கண்ணி ஒட்டவைக்கப் பற்றாசு வைத்து ஊதியிருந்தார்கள். அதனால் தரம் குறைவாகக் காட்டியது. மதிப்பைச் சொன்னதும் அத்தையின் முகம் இறுகிவிட்டது. மாமா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “நான் சொல்லல? இதுக்குப் போயி கல்லு ஆரமான்னு?” என்றார்.

அதன் பிறகு பேச்சு நகையைப் பற்றியதாக இல்லை. கடலூரில் பெரிய கடைகள் இருக்கின்றன, அங்கே பார்க்கலாம் என்று மாமா எழுந்தார். யார் பெண்ணுக்கு யார் முடிவு செய்வது என்று அத்தை தன் தம்பி மனைவியைக் கேட்டார். அந்த அம்மா பாவம், தம்பியையும் நாத்தனாரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் மேனேஜர் சேதாரத்தில் குறைத்துத் தருகிறேன் என்று சொல்ல வந்தார். இவர்களுக்குள் இருந்தது விலைப் பிரச்சினை இல்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று அவருக்குக் கண்ணால் சொன்னேன். பெண் தன் அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். பின்னால் மெஷின் சத்தம். அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

“அக்கா என்ன சொல்லுதோ அதையே எடுத்துடுங்க. எனக்கு வேலை ஓடிகினு இருக்குது.”

சம்மதம் சொல்ல வேண்டியவர் யார் என்று தெரிந்துவிட்டது. அந்த நிமிஷமே நான் கல் ஆரத்துக்குப் பில் போட்டிருக்கலாம். தட்டில் இருந்தவற்றில் விலை கூடியது அதுதான். மேனேஜரும் அதைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் ஒருவர் மட்டும் ஜெயித்து மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போகிற நகை, கல்யாணத்துக்கு முன்னாலேயே டிசைன் பிடிக்கவில்லை என்று திரும்பி வரும். நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தவிர, அந்தப் பெண் குனிந்த தலையோடு ஆரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

நான் பழைய சங்கிலியைத் தட்டிலிருந்து எடுத்து, அத்தையிடம் இது யார் போட்டது என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துப் பேசாமல், சங்கிலியைப் பார்த்துச் சொன்னார். அவருடைய அப்பா கல்யாணத்துக்குப் போட்டது. தம்பியை ஐ.டி.ஐ. படிக்க வைக்க அதை அடகு வைத்தார்கள். அந்தப் படிப்பில்தான் தம்பிக்குச் சுரங்க வேலை கிடைத்தது. வேலைக்குப் போய் முதலில் மீட்டுக்கொடுத்தது இதைத்தான்.

“எனக்குப் புள்ளைங்க இல்ல. இது இவ கழுத்துல தெரியணும். சின்ன நகையா எடுத்தா எங்க தெரியும்?”

மாமா உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இது தெரிந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

“அம்மா, இத உருக்கிட்டா எந்த நகையில போச்சுன்னு யாருக்குங்க தெரியும்? மாத்தாதீங்க. அலசி, கொக்கி மட்டும் புதுசா போட்டுத் தரேன். இப்படியே இவங்க தெனம் போட்டுகினு ஸ்கூலுக்குப் போகட்டும்,” என்றேன்.

மேனேஜர் என்னை முறைத்தார். பழைய நகை உள்ளே வருவது கடைக்கு லாபம். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

சங்கிலியை அங்கேயே அலசிக் கொண்டுவரச் சொன்னேன். அழுக்குப் போனதும் அந்த முறுக்கு பளிச்சென்று வந்தது. இந்தக் காலத்து மெஷின் சங்கிலியில் அந்த வேலைப்பாடு கிடையாது. அதைப் பார்த்ததும் பெண் மறுபடியும் வாயைத் திறந்தாள்.

“அத்தை, எனக்கு இதுதான் வேணும். நான் கேட்டதே இந்த மாதிரிதான்.”

அத்தை அவளை உற்றுப் பார்த்தார். நம்பலாமா என்று யோசிப்பது போல இருந்தது. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கல் ஆரத்தைத் தானே என் பக்கம் தள்ளிவைத்தார்.

மீதி சுலபமாக நடந்தது. பேசிய பவுனில் இந்தச் சங்கிலியும் சேர்ந்துவிட்டதால் தனியாகச் சங்கிலி எடுக்க வேண்டியதில்லை. கல் இல்லாமல் மாங்காய் வேலைப்பாட்டில் ஒரு ஆரம் காட்டினேன். எடை மிதமானது, ஆனால் பட்டை அகலமாக இருந்ததால் மேடையில் எடுப்பாகத் தெரியும். மாமா ஹால்மார்க் எண்ணைத் தன் போனில் போட்டுச் சரிபார்த்தார். நான் லென்ஸ் கொடுத்து எண்ணைப் படித்துக் காட்டினேன். சந்தேகப்படுகிறவரைச் சோதிக்க விட வேண்டும். அப்புறம் அவரே நமக்காகப் பேசுவார். பழைய சங்கிலியை மாற்றாததால் பில்லில் கழிவு இல்லை, தொகை கூடிற்று. அம்மா தயங்கியபோது மாமா, வளையல் என்னுடைய சீர், அதற்கு நான் கொடுக்கிறேன் என்றார். மூத்தவளுடைய டிசைனையே எடுத்து வைத்தேன். நான் முன்பே வரவழைத்து வைத்திருந்த டீயை அந்த அம்மா அப்போதுதான் கையில் எடுத்தார். அது ஆறிப்போயிருந்தது. வேறு டீ சொன்னேன்.

கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நான் அத்தையிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“நீயே போட்டு வுடும்மா,” என்றார்.

போட்டேன். கொக்கியை மாட்டி, பின்னலை வெளியே எடுத்துவிட்டு, தோளைப் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். நால்வரும் ஒன்றாகப் பார்த்தார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. கல்யாண நகைப் பிரிவில் அது அபூர்வம்.

அவர்கள் போன பிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். திட்டு விழும் என்று போனேன். பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனிமேல் குடும்பமாக வருகிறவர்களை நேராக உன்னிடம் அனுப்பச் சொல்கிறேன் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னபோது, அவர் காண்ட்ராக்ட் வேலை முடிந்து வந்த களைப்பிலும் முழுக்கதையையும் கேட்டார். அந்த அத்தை யார் என்று தெரிந்ததும், நீ போட்டுவிட்ட இடத்தை மறுபடியும் சொல்லு என்றார். சொன்னேன்.

கல்யாணப் பத்திரிகை கடைக்கே வந்தது. பெண்ணின் அம்மாவும் அத்தையும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு வந்து, கவுண்டருக்கு முன்னால் நின்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். கல்யாணத்துக்கு நான் என் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். மண்டபத்தில் நாங்கள் நடுவரிசையில் உட்கார்ந்தோம். அத்தை பட்டுப்புடவையில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் வந்து, என் அம்மாவின் கையைப் பிடித்து முதல் பந்திக்கு அழைத்துப் போனார். போகிற வழியில் உறவுக்காரப் பெண்கள் நான்கைந்து பேர் ஆரத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை நின்றார்.

“கடலூரெல்லாம் எதுக்கு? நம்ம ஊருப் பொண்ணு இருக்குது. இவங்க பொண்ணுதான்,” என்று என் அம்மாவைக் காட்டினார்.

என் அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து நடந்தார். நான் பின்னால் போனேன். ஆரத்தைப் பற்றி விசாரித்தவர்களில் இரண்டு வீட்டார் சித்திரையில் என்னைத் தேடி வந்தார்கள். ஒரு வீட்டிலிருந்து ஏழு பேர். எல்லோருக்கும் நாற்காலி போதாமல், பக்கத்துக் கவுண்டரிலிருந்து எடுத்துவந்து போட்டேன்.