ஒற்றைக் கோட்டை நம்பினேன்

வேலூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் என் ரத்தத்துக்குத் தனி மரியாதை இருந்தது. அரிவாள் செல் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் ஒவ்வொரு முறையும், ஏற்கெனவே தெரிந்த ஒரு ரத்தத்தைப் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிட வேண்டும். அந்தத் தெரிந்த ரத்தம் என்னுடையது. படிக்கும்போது பழகுவதற்காக எல்லோரும் அவரவர் ரத்தத்தைச் சோதித்தோம். எனக்கு மட்டும் இரண்டு கோடு வந்தது. அப்பா பிழைப்புக்காகக் கூடலூர் மலையிலிருந்து காட்பாடிக்கு இறங்கி வந்தவர். வரும்போது இதையும் கொண்டுவந்திருக்கிறார்.

சோதனை சிக்கலானதில்லை. சிவப்பணுக்களை உடைத்து எடுத்த ஹீமோகுளோபினில் ஒரு துளியை நீளமான தாளின் ஒரு முனையில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவோம். மறுமுனை நேர்மின் முனை. ஹீமோகுளோபினில் இருக்கும் எதிர்மின்னூட்டம் அதை அந்தப் பக்கம் இழுக்கும். சாதாரண ஹீமோகுளோபினான 'ஏ' முன்னால் போகும். அரிவாள் ஹீமோகுளோபினான 'எஸ்' பின்தங்கும். சாயம் போட்டால் இரண்டும் சிவப்புக் கோடுகளாகத் தெரியும். என் வரிசையில் முன்னால் 'ஏ', பின்னால் கொஞ்சம் மெல்லிசாக 'எஸ்'. நான் வெறும் கடத்தி, கோளாறைச் சுமப்பவள்தான், நோயாளி இல்லை. எனக்கு ஒரு தலைவலி கூடக் கிடையாது.

ஆனால் என்னைப் போல இன்னொரு கடத்தியைக் கட்டிக்கொண்டால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. அதை நான் தினமும் வார்டில் பார்த்தேன். வலியில் சுருண்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கும் பிள்ளைகள். அதனால் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். மாப்பிள்ளை கறுப்போ சிவப்போ, அவர் வரிசையில் ஒற்றைக் கோடுதான் இருக்க வேண்டும்.

எங்கள் ஆட்களில் பலருக்கு இது உண்டு; அவர்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பதால், வந்த வரன்கள் இந்தச் சோதனையிலேயே கழன்றுகொண்டே போயின. சிலர் ரத்தம் கேட்டதற்கே கோபித்துக்கொண்டு போனார்கள். அப்பா போன பிறகு அண்ணன்தான் எல்லாம். தங்கச்சியைக் கரையேற்றாமல் அவன் கல்யாணம் பண்ணிக்கொள்ள முடியாது. அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் வீட்டில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஆம்பூர் வரன் வந்தது. தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், அதே மலையிலிருந்து வந்த குடும்பம். எனக்குப் பார்த்ததும் பிடித்துப் போயிற்று. நானே ரத்தம் எடுக்கிறேன் என்றேன். அத்தைகள் வாயில் அடித்துக்கொண்டார்கள். பெண்ணே மாப்பிள்ளை கையில் ஊசி குத்துவதாவது!

"நீ சும்மா இரு பாப்பா. நான் ஆம்பூர் போயி, அங்கயே க்ளினிக்ல எடுத்துட்டு வர்றேன்" என்றான் அண்ணன்.

மாப்பிள்ளை பெயர் ஒட்டிய குழாய் வந்தது. என் ரத்தத்துக்குப் பக்கத்திலேயே ஓடவிட்டேன். ஒற்றைக் கோடு. 'ஏ' மட்டும். அன்று ஆய்வகத்தில் எல்லோருக்கும் நான்தான் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தேன்.

பையன் பிறந்தான். கொழுகொழுவென்றுதான் இருந்தான். கருவிலிருந்து கொண்டுவரும் ஹீமோகுளோபின் வேறு வகை. அதில் அந்தக் கோளாறு இருக்கும் புரதச் சங்கிலியே கிடையாது. முதல் சில மாதங்களுக்கு அது பிள்ளையைக் காப்பாற்றும். அது குறையக் குறையத்தான் குட்டு வெளிப்படும். உட்காரப் பழகிய பருவத்தில் ஒரு காலை அவன் கை விரல்களும் கால் விரல்களும் புசுபுசுவென்று வீங்கின. தொட்டால் வீறிட்டான்.

எனக்கு அந்த வீக்கம் தெரியும். வார்டில் எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்தது.

அவன் ரத்தத்தை என் ரத்தத்துக்குப் பக்கத்தில் ஓடவிட்டேன். தடிமனாக 'எஸ்'. அதற்குச் சற்று முன்னால் கருவின் மிச்சம். 'ஏ' இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஒரு 'எஸ்' நான் கொடுத்தது. இன்னொன்று?

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் முன்னால் போய் ஊசியோடு நின்றேன். கையை நீட்டினார். மறுநாள் அவர் வரிசையும் என் வரிசையும் அச்சு அசல் ஒன்றாக இருந்தன.

"ஏங்க, அப்போ அந்தக் குழாய்ல இருந்தது யார் ரத்தம்?"

"எந்தக் குழாய்?" என்றார் அவர். நடிக்கவில்லை. "ஊர்ல கேம்ப் போட்டப்பவே எனக்கு இது இருக்குன்னு சொல்லிட்டாங்க. உங்கண்ணன் ஆம்பூர் வந்தப்போ நான் மொதல்ல சொன்னதே அதான். தங்கச்சிக்கு ஒண்ணும் இல்ல, டெஸ்ட்டெல்லாம் வேணாம், அவகிட்ட இதப் பத்திப் பேசிப் பேஜார் பண்ணாதீங்கன்னாரு."

பிறகு, "இது என்னாதான் பண்ணுது?" என்று கேட்டார். சொன்னேன். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடம். அங்கே தண்ணீரோடு ஒத்துப்போகும், எதிர்மின்னூட்டம் உள்ள குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அதற்குப் பதில் மின்னூட்டமில்லாத, தண்ணீரே ஆகாத 'வேலின்' என்ற அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது.

"எண்ணெ ஏத்துன தோல்ல தண்ணி ஒட்டாத மாதிரியா?" என்றார்.

கிட்டத்தட்ட அப்படித்தான். ஆக்சிஜன் ஏறியிருக்கும்வரை தொந்தரவில்லை. அதை உடம்புக்குக் கொடுத்துவிட்டதும் ஹீமோகுளோபினின் உருவம் மாறுகிறது. அதில் ஒரு பள்ளம் திறக்கிறது. தண்ணீரிலிருந்து ஒளிய இடம் தேடும் வேலின், பக்கத்து ஹீமோகுளோபினின் அந்தப் பள்ளத்தில் போய்ச் செருகிக்கொள்கிறது. அது இன்னொன்றை, அது இன்னொன்றை. நீள நீளமான கம்பிகளாகி, உருண்டையான அணுவையே அரிவாளாக வளைத்துவிடுகின்றன. வளைந்தவை சின்ன ரத்தக்குழாய்களை அடைக்கின்றன, சீக்கிரமே உடைகின்றன. எங்கள் இருவருக்கும் பாதிக்கு மேல் 'ஏ' இருப்பதால் கம்பி சுலபத்தில் நீளாது. பையனுக்கு அந்தத் துணை இல்லை.

அவர் பையனின் வீங்கிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலூரிலேயே சத்துவாச்சாரியில் அண்ணன் கல்யாணமாகிப் புதுக்குடித்தனம் வைத்திருந்தான்; நேராக அங்கே போனேன். அவன் ரத்தத்தை நான் எப்போதோ சோதித்துக் கொடுத்திருந்தேன். "உனக்கு ஒண்ணுமில்லண்ணா, சுத்தமா இருக்கு" என்று என் வாயாலேயே சொல்லியிருந்தேன். அதைத்தான் குழாயில் பிடித்து, மாப்பிள்ளை பெயரை ஒட்டிக் கொடுத்திருக்கிறான்.

"உன் ரத்தம்தானே?" என்றேன்.

மறுக்கவில்லை. "வர்றவனையெல்லாம் கழிச்சிட்டே இருந்தியே, நான் இன்னா பண்றது? நாலுல ஒண்ணுன்னு நீதான சொன்ன? மூணு நல்லா இருக்கும்னுதான் நெனச்சேன்."

நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கை வைத்தே என் கழுத்தை அறுத்திருந்தான். வெளியாள் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொண்டிருப்பேன். இவன் காய்ச்சலில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன். திரும்பி வந்துவிட்டேன். அதோடு போக்குவரத்தும் நின்றது.

பையன் நடக்கத் தொடங்கியிருந்தபோது ஒருநாள் திடீரென்று வெளுத்துப் போனான். வயிறு இடதுபக்கம் கல்லாக இருந்தது. மண்ணீரல் ரத்தத்தையெல்லாம் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டது. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும். ரத்த வங்கியில் அவன் பிரிவு இல்லை. எங்கள் இருவர் ரத்தமும் ஆகாது. அதிலும் 'எஸ்' இருக்கிறது. யார் சொன்னார்களோ, அண்ணன் வந்து நின்றான். பிரிவு பொருந்தியது. எல்லாச் சோதனையும் தேறியது. என்னைப் பார்க்காமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டான்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லும் நிலையில் அவன் என்னை வைக்கவில்லை.

பையன் பிழைத்தான். சில நாள் கழித்து அவன் ரத்தத்தை மறுபடி என் ரத்தத்துக்குப் பக்கத்தில் ஓடவிட்டேன். வெறுமையாகக் கிடந்த இடத்தில் 'ஏ' தெரிந்தது. என் கல்யாணத்துக்கு முன்னால் பார்த்துச் சந்தோஷப்பட்டு டீ வாங்கிக் கொடுத்தேனே, அதே கோடு. அது பையனுடையது இல்லை, சில மாதத்தில் கரைந்துவிடும் என்று தெரியும். கரைந்ததும் அடுத்த பாட்டிலுக்கு அண்ணனிடம்தான் போய் நிற்க வேண்டும் என்பதும் தெரியும்.