நாலாவது எண்

திருச்செல்வத்துக்கு எதையும் கழற்றிப் பார்த்தால்தான் புரியும். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை. இலை உருட்டும் மெஷின் ஓடுகிற சத்தத்தை வாசலில் நின்று கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மனுஷனிடமிருந்து வரும் சத்தம் மட்டும் அவர் காதில் ஏறாது. அதை அவர் மனைவி தாரணி பல வருஷமாகச் சொல்லிவந்தாள். அவரும் பல வருஷமாகச் சிரித்துவந்தார்.

கல்யாணம், இரண்டு பிள்ளைகள், லயத்தில் மூன்றாவது வீடு, நாற்பத்தாறு வயது. இவற்றைத் தவிர அவருக்கென்று இருந்தது ஒரு ஆயாக்கொட்டகை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் ஒருகாலத்தில் கைக்குழந்தைகளை விட்டுப்போன இடம். இப்போது மலையில் பறிக்கிறவர்கள் பங்களாதேஷிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் தனியாக வந்தவர்கள், குழந்தைகள் எல்லாம் கடலுக்கு அப்பால். பூட்டிக் கிடந்த கொட்டகையின் சாவியை மேனேஜரிடம் கேட்டு வாங்கி, பழைய பைப்புகளை வெல்டிங் பண்ணி ஒரு ஸ்டாண்டு செய்தார். ஈப்போவில் பழைய சாமான் விலைக்கு ஒரு இரும்பு பார், கொஞ்சம் எடைத் தட்டுகள். எஸ்டேட் ஜிம் தயார்.

அந்த ஜிம்முக்கு வாத்தியாரும் மற்ற ஒரே ஆளும் சலீம். பிரிஞ்சாங் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். வாலிபத்தில் கோலாலம்பூரில் பயிற்சியாளர் படிப்பு முடித்து, அந்த வேலையிலேயே இருந்திருக்க வேண்டியவர். அத்தா இறந்ததும் கடைக்குத் திரும்பிவிட்டார். மத்தியான வியாபாரம் ஓய்ந்து மூன்று மணி ஆனால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்கு ஏறுவார். வாரத்தில் மூன்று நாள், ஒன்பது வருஷம். நாலு வாரத்துக்கு ஒரு ஷீட் எழுதுவார். நீளமான கணக்கு நோட்டு ஒன்று ஆணியில் தொங்கும். ரொட்டி வீசுகிற கைதான், ஆனால் கோடு போட்டால் அச்சடித்த மாதிரி இருக்கும்.

முதல் ஷீட்டைப் பார்த்தபோது திருச்செல்வம் அடித்த கூத்தை சலீம் சாகும்வரை விடவில்லை. ரெஸ்ட் என்ற கட்டத்தில் 90 என்று எழுதி மேலே இரட்டைக் கோடு இருந்தது. ஃபிட்டர் கண்ணுக்கு ஒற்றைக் கோடு என்றால் அடி, இரட்டைக் கோடு என்றால் அங்குலம். பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து, பாரிலிருந்து தொண்ணூறு அங்குலம் அளந்து தள்ளி நின்றார்.

"என்ன செல்வம், பஸ்ஸுக்கு நிக்கிறியா?" என்றார் சலீம்.

"நீதானே பாய் எழுதியிருக்க."

ஒற்றைக் கோடு நிமிஷம், இரட்டைக் கோடு விநாடி என்று அன்றைக்குத் தெரிந்தது. 4×5 என்றால் நாலு செட், செட்டுக்கு ஐந்து தடவை. டெம்போ என்ற கட்டத்தில் 3-1-1-0 என்று நாலு எண். பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதானால், இறங்க மூன்று விநாடி, அடியில் ஒரு விநாடி நிற்க, எழ ஒரு விநாடி, மேலே நிற்காமல் உடனே அடுத்தது. முதல் எண் எப்போதும் இறக்கத்துக்குத்தான். தலைக்கு மேல் தூக்குகிற பயிற்சியில் தூக்குவதுதானே முதலில் வருகிறது என்று திருச்செல்வம் மூன்று விநாடி முக்கி முக்கித் தூக்கிவிட்டு, பாரைப் பொத்தென்று இறக்கியது இன்னொரு கதை. கடைசிக் கட்டம் அவரவர் கையால் நிரப்ப வேண்டியது: செட் முடிந்ததும் கஷ்டம் பத்துக்கு எத்தனை. ஒவ்வொரு பக்கத்திலும் இருவருக்கும் தனித்தனி எடை, தனித்தனிக் கட்டம்.

அவர்களுக்குள் ஒரே சட்டம். எழுதியதைச் செய்தாக வேண்டும். பார் ஒன்றுதான் என்பதால் செட்டும் ரெஸ்ட்டும் இருவருக்கும் ஒன்று. ஒருவர் தூக்கும்போது மற்றவர் பின்னால் நிற்பார்.

நோன்பு மாதம் வந்தால் ஷீட் இளைக்கும். செட் இரண்டாகும், ரெஸ்ட் நாலு நிமிஷமாகும். சலீம் நோன்பு வைத்துக்கொண்டு வருவார். திருச்செல்வம் மத்தியானம் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்து அதே ஷீட்டைச் செய்வார். பெருநாள் முடிந்த மறுவாரமே செட் ஏறும், ரெஸ்ட் குறையும். எட்டு வருஷம் அப்படித்தான் நடந்தது.

ஒன்பதாவது வருஷம் பெருநாள் முடிந்து ஐந்து வாரமாகியும் செட் இரண்டிலேயே நின்றது. ரெஸ்ட் நாலு நிமிஷத்திலிருந்து ஐந்தாக ஏறியிருந்தது. தீபாவளிக்குள் நூற்று நாற்பது கிலோவோடு உட்கார்ந்து எழவேண்டும் என்று திருச்செல்வத்துக்கு ஒரு வெறி. தன் வயதைப் பார்த்துத்தான் சலீம் இறக்கி எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டார். மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"இது என்ன பாய், ரெஸ்ட்டா லீவா? பெருநாள் முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு, இன்னும் நோன்பு ஷீட்டு. என்னைக் கிழவனாக்கிட்டியா?"

சலீம் துண்டால் முகத்தைத் துடைத்தார். திருச்செல்வம் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். ஒன்பது வருஷத்தில் அந்த நோட்டில் சலீம் எழுதிய எண்ணின் மேல் வேறு யாரும் கைவைத்ததில்லை. இரண்டை அடித்து நாலு என்று போட்டார். ஐந்து நிமிஷத்தை அடித்து 90 என்று எழுதி இரட்டைக் கோடு போட்டார்.

சலீம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எழுதியாச்சுல்ல. செஞ்சிடலாம்லா," என்றார்.

அடுத்த ஷீட்டில் அவரும் தொண்ணூறு விநாடி என்றே எழுதினார். டெம்போவில்தான் ஒரு மாற்றம். நாலாவது எண் பூஜ்யமாக இல்லை, நாலாக இருந்தது. ஒருமுறை எழுந்ததும் பாரோடு நாலு விநாடி மேலேயே நின்றுவிட்டு அடுத்ததற்கு இறங்க வேண்டும். புது முறை என்றார். அதற்கடுத்த ஷீட்டில் அது ஆறானது. திருச்செல்வம் அதையும் சிரத்தையாகச் செய்தார். ஃபேக்டரியில் பார்த்தவர்களிடமெல்லாம் பாய் புது டெக்னிக் கொண்டுவந்திருக்கிறார் என்று பெருமையும் பேசினார்.

அந்த ஷீட்டின் மூன்றாவது வாரம், ஒரு விடியற்காலையில் சலீம் கடை அடுக்களையில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. இதயம் வீங்கிப்போயிருந்ததாம்.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த மறுவாரம் சலீமின் மனைவி சுஹைலா கடை வேனை ஓட்டிக்கொண்டு எஸ்டேட்டுக்கு வந்தாள். அவருடைய ஷூ, இடுப்பு பெல்ட், துண்டு எல்லாம் கொட்டகையில் இருந்தன. அன்று மூடுபனி இறங்கி, கொட்டகைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. திருச்செல்வம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். அவள் பையை வாங்கவில்லை. ஆணியிலிருந்த நோட்டை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"இதுல என்னண்ணே எழுதியிருக்காரு?"

"பயிற்சி கணக்குமா. செட்டு, ரெஸ்ட்டு, அதான்."

"டாக்டர் சொல்றாரு, மாசக்கணக்கா இருந்திருக்கும், மூச்சு வாங்கியிருக்கும்னு. அவங்க வீட்ல எல்லாரும் என்னைத்தான் கேக்குறாங்க. கூட இருந்தவளுக்குத் தெரியாதான்னு. எனக்குத் தெரியலண்ணே. சத்தியமா தெரியல. அவருக்காவது தெரிஞ்சுதா? அதை மட்டும் சொல்லுங்க. வாரத்துல மூணு நாளு இதுலதானே எழுதினாரு."

திருச்செல்வம் நோட்டை வாங்கினார். ஒன்பது வருஷமும் அவர் தன் கட்டத்தை மட்டுமே படித்தவர். இப்போது நோன்பு மாதத்துப் பக்கத்தில் விரலை வைத்து சலீமின் கட்டத்தைப் படிக்கத் தொடங்கினார்.

எடை நூற்றுப் பத்து, கஷ்டம் ஏழு. நூறு, எட்டு. தொண்ணூறு, எட்டு. எண்பது, ஒன்பது. எடை இறங்க இறங்க கஷ்டம் ஏறிக்கொண்டே போனது. எதிர்க்கட்டத்தில் திருச்செல்வத்துடையது: நூற்று இருபது, ஏழு. நூற்று இருபத்தைந்து, ஏழு. மெஷின் விஷயமாக இருந்தால் இந்த எண்களை ஒருதரம் பார்த்ததுமே லைனை நிறுத்தியிருப்பார்.

"ஆமாம்மா, தெரிஞ்சிருக்கு," என்றார். "என்ன சீக்குன்னு தெரிஞ்சிருக்காது. ஒடம்பு சரியில்லன்னு தெரிஞ்சிருக்கு. இங்க பாரு, எடையக் கொறைச்சிக்கிட்டே வர்றாரு. அப்படியும் ஒன்பதுன்னு போடறாரு. ரெஸ்ட்டு நாலு நிமிஷம். இங்க அஞ்சு. மூச்சு பத்தலமா. அதுக்குத்தான் கூட்டியிருக்காரு."

அடுத்த பக்கம் எது என்று அவருக்குத் தெரியும். இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினால் போதும். அந்த எழுத்தைப் படிக்க இந்த மலையில் வேறு ஆள் இல்லை. அவர் விரல் அப்படிச் சேர்த்துப் பிடித்தும்விட்டது. சுஹைலா அந்த விரலைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஒரே தாளைப் புரட்டினார்.

"இங்க அடிச்சு எழுதியிருக்கே," என்றாள்.

"அது என் கையெழுத்துமா. அவரு அஞ்சு நிமிஷம்னு போட்டிருந்தாரு. நான்தான் தொண்ணூறு செகண்டுன்னு மாத்தினேன். ரெண்டு செட்ட நாலாக்கினேன். அவரு ஒண்ணும் சொல்லல. செஞ்சாரு."

அதற்கடுத்த பக்கத்தில் நாலாவது எண் இருந்தது. அதைத் தொட்டபோதுதான் அது என்ன என்று திருச்செல்வத்துக்கு முழுதாக விளங்கியது. ரெஸ்ட் கட்டத்தை அவர் பிடுங்கிக்கொண்டதும், சலீம் டெம்போவுக்குள் தனக்குக் கொஞ்சம் மூச்சை ஒளித்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறை எழுந்ததும் நாலு விநாடி. அப்புறம் ஆறு விநாடி. தோளில் பாரத்தோடு நின்றபடியே. பின்னால் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு அந்த மூச்சை ஒவ்வொரு நாளும் கேட்டவர் திருச்செல்வம்தான். தாரணி சொன்னது சரி என்று நினைத்தார். அதையும் அவளிடம் சொல்லி முடித்தார்.

கடைசி வரியில் எழுபது கிலோ, ஐந்து தடவைக்கு இரண்டுதான், கஷ்டம் பத்து என்று இருந்தது. அதற்குக் கீழே கட்டங்கள் காலியாக இருந்தன.

சுஹைலா அந்தக் காலிக் கட்டங்களைத் தடவிப் பார்த்தாள். "நோட்டுல எழுத முடிஞ்சிருக்கு," என்றாள். "எங்கிட்ட வாயத் தொறக்கல. உங்ககிட்டயும் தொறக்கல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தொண்ணூறு செகண்டுன்னா எவ்வளவு நேரம்ணே?"

அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினார். விநாடி முள் பன்னிரண்டுக்கு வந்ததும் அவள் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு சுற்று போய், அடுத்த சுற்றில் ஆறுக்கு வந்தது.

"முடிஞ்சுதும்மா."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள், இனி இந்த மலைப்பக்கம் வரமாட்டாள் என்று நினைத்தார். அவள் எழுந்திருக்கவில்லை. நோட்டைத் தன் மடிக்கு இழுத்து, அவர் அடித்த கோட்டுக்குக் கீழே தெரிந்த சலீமின் எண்ணில் விரலை வைத்தாள்.

"அவரு அஞ்சு நிமிஷம்னு போட்டிருக்காருல்ல. இருங்கண்ணே."

முள் இன்னும் மூன்றரைச் சுற்று சுற்ற வேண்டியிருந்தது. இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.