தனி விலை கேட்டேன்

பொருளியலில் முதுகலை படித்தவன் நான். கூட்டுறவுத் துறையில் முப்பதாண்டுகள் பணியாற்றி, விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணைகூட வாங்காமல் ஓய்வு பெற்றேன். சின்னமனூர்ப் பக்கத்து வாழை விவசாயிகள் குழுவாகச் சேர்ந்தபோது என்னைத் தலைவராக்கியது தோட்டத்தின் பரப்பைப் பார்த்து அல்ல. காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்திட மாட்டேன் என்பதற்காக. ஒரு கைபேசி விவகாரத்தில் அந்தப் பெயர் கெட்டுவிட்டதாகச் சிலர் சொல்லித் திரிவதால், நடந்ததை எழுதிவைக்கிறேன்.

குழுவில் பதினொரு பேர். தார் விலையும் வெட்டும் நாளும் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கியபின், பட்டன் போன் வைத்திருந்தவர்களுக்குச் சிரமமாகிவிட்டது. குழுவின் செயலாளர் எனக்கு மருமகன் முறை. அவர் தேனியில் ஒரு கடையின் நோட்டீசைக் கொண்டுவந்தார். முன்பணம் இல்லை. மாதம் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய், இருபத்து நான்கு மாதம். பேச்சும் இணையமும் அதற்குள் அடக்கம்; கைபேசி இலவசம். இணைப்புகள் குழுவின் பெயரில், தலைவரின் கையெழுத்தில். நல்ல ஏற்பாடு என்று கூட்டத்தில் நான் சொன்னேன். அதை மறுக்கவில்லை. நோட்டீசைப் பார்த்துச் சொன்னேன். ஒப்பந்தத்தை அன்று யாரும் கண்ணில் காட்டவில்லை.

எங்கள் ஆட்கள் அதைக் கன்று ஏற்பாடு போலவே எண்ணிக்கொண்டார்கள். எங்கள் பக்கம் சில வியாபாரிகள் வாழைக் கன்றை இலவசமாகத் தருவார்கள். வெட்டும்போது தார் அவர்களுக்கே போக வேண்டும். ஒத்துவராவிட்டால் கன்றின் விலையைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். போனையும் அப்படித்தான், வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

கையெழுத்திடும் நாளில் அனைவரும் தேனிக்குப் போனோம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் ஆறு பக்கம். விற்பனைப் பெண் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பேனாவை நீட்டினார். நான் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நான்காம் பக்கத்தில் இருந்தது: இடையில் நிறுத்தினால் மீதி மாதங்களுக்கான கைபேசித் தொகையை மொத்தமாகக் கட்ட வேண்டும், கைபேசி திரும்பப் பெறப்படாது. யார் கட்டத் தவறினாலும் கையெழுத்திட்டவரே பொறுப்பு. மாதத் தொகைக்கு வரி தனி.

இதே கைபேசியைத் தனியாக வாங்கினால் என்ன விலை என்று கேட்டேன்.

"தனியா யாரும் கேக்குறதில்ல சார். ஆஃபர்லதான் போகுது."

நான் கேட்கிறேன் என்றேன். வரி உட்படப் பதினான்காயிரத்து நானூறு என்றார். சொந்தக் கைபேசி வைத்திருப்பவருக்கு இதே பேச்சும் இணையமும் எவ்வளவு என்று அடுத்துக் கேட்டேன். மேலாளரிடம் போய் வந்து, மாதம் நானூற்று நாற்பத்தொன்பது, வரி தனி என்றார்.

செயலாளர் என் தோளருகே குனிந்தார். "மாமா, எல்லாரும் பாக்குறாக. படிச்சவுக கடையில வச்சு இப்படிப் பேரம் பேசலாமா?"

"பேரம் பேசல மாப்ளே. வெல கேக்குறேன்."

நோட்டீசின் பின்புறத்திலேயே எழுதிக் காட்டினேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், மாதம் எழுநூற்றைம்பது, கைபேசிக்காகப் போகிறது. இருபத்து நான்கு மாதத்தில் பதினெட்டாயிரம். அதற்கு வரி மூவாயிரத்து இருநூற்று நாற்பது. பதினான்காயிரத்து நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளுக்கு ஆளுக்கு ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய் கூடுதல். அந்தத் தொகை நோட்டீசில் எங்கும் இல்லை.

உறுப்பினர்களில் மூத்தவர், பள்ளிக்கூடம் போகாதவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். "சும்மாங்கிறதுக்கே இம்புட்டுன்னா, வெலைக்குன்னா எம்புட்டு கேப்பாக?" விற்பனைப் பெண்ணே சிரித்துவிட்டார்.

தவணைக்குக் கூடுதல் வாங்குவதை நான் குற்றம் சொல்லவில்லை. கையில் பணமில்லாதவருக்கு அதுவும் ஒரு வழி. ஆனால் அதைக் கடன் என்று எழுதட்டும், இத்தனை கூடுதல் என்று எழுதட்டும். இலவசம் என்று எழுதிய தாளுக்கு என் பெயரைத் தர மாட்டேன். இதை எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். கூட்டத்தில் சொன்ன சம்மதத்தையும் அங்கேயே, அதே குரலில், திரும்பப் பெற்றேன். அப்படிச் செய்ய எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

பட்டன் போன் வைத்திருந்தவர்களில் ஐந்து பேர் அடுத்த தார் வெட்டும்வரை பொறுத்திருந்து, அதே கடையில் முழு விலை கொடுத்து வாங்கினார்கள். செயலாளரும் இன்னொருவரும் தங்கள் சொந்தப் பெயரில் அந்தத் திட்டத்தையே எடுத்தார்கள். அது அவர்கள் விருப்பம்; நான் தடுக்கவில்லை. அந்த இன்னொருவர் பத்தாம் மாதம் கைபேசியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். மீதிப் பதினான்கு மாதத் தொகையை ஒரே நாளில் கட்டிவிட்டு, அந்தக் கைபேசியோடுதான் ஊர் திரும்பினார். அதற்குப் பிறகும் என்னைப் பற்றிய பேச்சு ஓயவில்லை.

முழு விலைக்கு விற்ற அந்த ஐந்து கைபேசிக்கும் கடைக்காரர் எனக்குக் கமிஷன் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். கொடுக்கவில்லை. நான் கையெழுத்திட்டுவிட்டுப் பின்வாங்கினேன் என்கிறார்கள். அந்தத் தாளில் நான் கையெழுத்திடவே இல்லை.