வளையல் போட ஆகாத கை

விரல்களின் பக்கவாட்டிலும் உள்ளங்கையிலும் ஜவ்வரிசியை ஒட்டவைத்தாற்போல் பொடிப்பொடிக் கொப்புளங்கள். உள்ளே நீர். அரிப்பென்றால் அப்படியோர் அரிப்பு. சீ! என் கையைப் பார்க்க எனக்கே குமட்டியது. சோற்றைப் பிசைந்து சாப்பிடுவதை விட்டு ஸ்பூனுக்கு மாறினேன்.

தம்பி மனைவிக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் முதல் வளையலை நாத்தனார்தான் போடவேண்டும். நாத்தனார் நான் ஒருத்திதான். அதற்குள் கை ஆறியாக வேண்டும்.

அண்ணனூர் மருந்துக்கடைக்காரர் எட்ட நின்றே பார்த்தார். "படர்தாமரை மாரி கீதும்மா. இந்த கிரீமப் பூசு. சுடுதண்ணில சோப்பு போட்டு நல்லா தேச்சிக் கழுவு."

தேய்த்தேன். போதாதென்று ஊசியால் குத்தியும் விட்டேன். கை ரணமாகிப் பிசுபிசுத்தது. தலையணை உறையில்கூட மஞ்சள் கறை. தூ, என்ன பிறவி இது என்று அழுதேன்.

ஆவடியில் தோல் டாக்டரம்மா என் கையைத் தயங்காமல் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தோலைக் கொஞ்சம் சுரண்டிச் சோதித்துவிட்டு, பூஞ்சை இல்லை என்றார்.

"இது ஒருவகை எக்ஸிமா. யாருக்கும் தொத்தாது. வியர்வை, பாத்திர சோப்பு, எப்பவும் ஈரத்துல கை, மனசுல டென்ஷன், எதுனாலயும் கிளம்பும். சிலருக்கு கவரிங் நகையில இருக்கற நிக்கல்கூட ஆகாது. இனிமே குத்தாதீங்க."

குத்திய இடத்தில் சீழ் வைத்திருந்ததற்கு மாத்திரை. அரிப்புக்கு வீரியமான ஸ்டீராய்டு களிம்பு, சொன்ன நாள்வரை மட்டும். கை கழுவியதும் வாசலின். பாத்திரம் தேய்த்தே தீரவேண்டுமென்றால் உள்ளே பருத்திக் கையுறை, மேலே பிளாஸ்டிக் உறை.

வளைகாப்பன்றைக்கு நெமிலிச்சேரியில் தம்பியின் மாமியார், சம்பந்தியம்மாள் வீட்டுக்குப் போனபோது கொப்புளங்கள் வற்றியிருந்தன. ஆனால் தோல் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. சந்தனக் கிண்ணத்தை நான் தொட்டதுதான் தாமதம், சம்பந்தியம்மாள் அதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இன்னாம்மா கை இது, உவ்வே! புள்ளத்தாச்சிப் பொண்ணு மேல சொறிய ஒட்ட வச்சிடாத."

"தொத்தாதுன்னு டாக்டர் சொன்னாங்க அத்தை."

"டாக்டரு ஆயிரம் சொல்லுவாங்க."

முதல் வளையலை யாரோ ஒரு சித்தி போட்டாள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பந்தி முடிந்தது. புளியோதரை அண்டாவும் தயிர்சாதக் குண்டானும் கொல்லையில் எண்ணெய்ப்பிசுக்கோடு குவிந்து கிடந்தன. பாத்திரம் தேய்க்கும் அம்மா வரவில்லையாம். சம்பந்தியம்மாள் சபீனாப் பொடியையும் நாரையும் என் முன்னால் வைத்தார்.

"கொஞ்சம் தேச்சிக் குட்த்துடும்மா. நீ நம்ம ஊட்டுப் பொண்ணுதான?"

அப்போது வந்த குமட்டல் என் கையைப் பார்த்து வந்ததல்ல.

"வளையல் போட ஆகாத கை, அண்டா தேய்க்க மட்டும் ஆகுமா அத்தை?"

நான் பையிலிருந்து வாசலினை எடுத்து, எல்லோரும் பார்க்க, விரல் விரலாகத் தடவிக்கொண்டேன். செருப்பை மாட்டி ஸ்டேஷனுக்கு நடந்தேன். தம்பி கூப்பிடவில்லை.

கை ஆறிவிட்டது. அந்த வீட்டில் இன்றும் பச்சைத்தண்ணீர்கூட எனக்கு இறங்காது.