மூன்றாம் வகுப்பின் பாட்டுக்காரி

ஒரு வருடம் என் வகுப்புப் பையன் ஒருவனைத் தேர்ச்சி றிப்போட் முழுவதும் ‘அவள்’ என்றே எழுதி அனுப்பிவிட்டேன். முதல்நாள் ஒரு பெண்பிள்ளைக்கு எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டி, பெயரை மட்டும் மாற்றியிருந்தேன். அவனுடைய தகப்பன் போன் எடுத்து, “மாஸ்டர், இவனுக்கு நாங்கள் பெட்டை பார்க்கிறதோ, மாப்பிள்ளை பார்க்கிறதோ?” என்று மட்டும் கேட்டார். அந்த அவமானத்திலிருந்து நான் கற்றுக்கொண்டது அடக்கமல்ல. மற்ற ஆசிரியர்களின் குறிப்புகளையும் நானே பிழை பார்ப்பேன் என்று கிளம்பிவிட்டேன். திருடிப் பிடிபட்டவன் காவல்காரன் ஆனதுபோல.

கனடாவில், ஸ்காபரோவின் டோர்செட் பார்க் பக்கத்துப் பள்ளி எங்களுடையது. றிப்போட்டில் பள்ளி அதிபர் கையெழுத்து வைப்பதற்குமுன் ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசிப்பது வழக்கம். நான் மூன்று விஷயம் பார்ப்பேன். ஒரே வசனம் பிள்ளைக்குப் பிள்ளை திரும்பி வருகிறதா? அவன், அவள் மாறியிருக்கிறதா? பெற்றோர் மனம் நோகுமா? மூன்றாவதில் நான் விண்ணன் என்று எனக்கே ஒரு நினைப்பு. ‘சோம்பேறி’ என்று யாராவது எழுத நினைத்தால் ‘ஊக்குவித்தால் பணிகளைத் தொடங்குவாள்’ என்று இங்கிலிஷில் இழைத்துக் கொடுப்பேன்.

அந்த ஜூனில் மூன்றாம் வகுப்பு ரீச்சர் என்னிடம் வந்தார். இங்கே பிறந்து வளர்ந்த இளம்பெண்.

“சேர், இந்தப் பிள்ளையின்ர மட்டும் கொஞ்சம் கேர்ஃபுல்லாப் பாருங்கோ. இவட அம்மாக்கு கான்சர். இனி ட்ரீட்மென்ற் இல்லையாம், வீட்டிலதான் வைச்சிருக்கினம். இதுதான் அவ பார்க்கப்போற லாஸ்ற் றிப்போட்.”

அவர் இங்கிலிஷில் எழுதியிருந்தது இப்படி: ‘கணக்குச் செய்யும்போது பாடுகிறாள். நிறுத்தச் சொன்னால் மெதுவாகப் பாடுகிறாள். பக்கத்துப் பிள்ளைக்கு விளங்காவிட்டால் தன் வேலையை விட்டுவிட்டு அவனுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்விடுகிறாள். அதனால் அவன் வேலை முடிவதில்லை.’

கடைசி ‘அவன்’ ‘அவள்’ ஆக வேண்டும், திருத்தினேன். ‘பாடுகிறாள்’ இரண்டு தரம் வந்தது, வெட்டினேன். சாகப்போகிற தாய்க்கு ‘வேலை முடிவதில்லை’ என்று எழுதலாமா? அதையும் எடுத்தேன். எல்லாம் முடிந்தபோது, ‘நேரத்தைத் திட்டமிடுவதில் வளர்ந்து வருகிறாள். சகபாடிகளுடன் ஒத்துழைக்கிறாள். தொடர்ந்த ஊக்குவிப்பு அவளுக்கு உதவும்’ என்று, பிழை சொல்ல முடியாத மூன்று வசனங்கள் நின்றன.

“சேர், கொஞ்சம் ஜெனரிக்கா இருக்கே?”

“மரியாதையா இருக்கு பிள்ளை,” என்றேன்.

அவர் புதிது, நான் பழசு. அப்படியே போனது.

நாலைந்து நாளில் பிள்ளையின் தகப்பன் வந்தார். வேலைச் சப்பாத்தோடு ஒவ்வீஸ் வாசலில் நின்றார். றிப்போட்டை மடிக்காமல், பிளாஸ்டிக் உறைக்குள் கொண்டுவந்திருந்தார்.

“மாஸ்டர், குறை நினைக்காதேங்கோ. மனிசி கேக்கிறா, இது ஆற்ற பிள்ளையின்ர எண்டு.”

“பேர் சரியாத்தானே இருக்கு?”

“பேர் சரி. எண்டாலும் இஞ்சை முந்தி ஒருக்கா பொடியனைப் பெட்டையாக்கி அனுப்பினதாம். உதுவும் மாறி வந்திட்டுதோ எண்டு பார்க்கட்டாம்.” உறையை நீட்டிக்கொண்டே சொன்னார்: “அவவால இப்ப ஸ்கூலுக்கு வரேலாது. பிள்ளை வகுப்பில என்ன செய்யிறவள் எண்டு இதைப் பார்த்துத்தான் அறிய இருந்தவ. மூண்டு தரம் வாசிப்பிச்சவ. பிறகு மற்றப்பக்கம் திரும்பிப் படுத்திட்டா.”

ரீச்சரிடம் ஓடினேன். முதல் எழுதியதை அவர் அழிக்காமல் வைத்திருந்தார். நான் அதில் அந்தக் கடைசி ‘அவன்’ ஒன்றை மட்டும் ‘அவள்’ ஆக்கினேன். அதிபர் காரணத்தைக் கேட்டார், சொன்னேன். புதிதாக அச்சடித்துக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். தகப்பன் அங்கேயே நின்று, வாய் அசைய வாசித்தார். ‘மெதுவாகப் பாடுகிறாள்’ என்ற இடத்தில் நிறுத்தி, “ஓம், இது அவள்தான்,” என்றார்.

ஜூலையில் அந்தத் தாய் போய்விட்டார்.

செப்டெம்பரில் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது தகப்பனைக் கண்டேன். என்ன சொல்வதென்று தெரியாமல், அந்தப் புது றிப்போட்டைப் பிள்ளையின் தாய் பார்த்தாரா என்று கேட்டேன்.

“பார்த்தவ, மாஸ்டர். சிரிச்சவ. தலைமாட்டிலதான் கடைசி மட்டும் கிடந்தது.”

நான் தலையாட்டினேன். என் முகத்தில் எதைக் கண்டாரோ, எனக்கும் ஆறுதல் சொல்ல நினைத்தார்போல.

“உங்கட முந்தின றிப்போட்டும் வீண்போகேல்லை. பின்பக்கம் வெறுமையாக் கிடந்ததுதானே, மருந்து குடுக்கிற நேரம் எழுதி ஃபிரிட்ஜில ஒட்டினனாங்கள்.”