ஷோபனா விரித்துக் காட்டிய தாள்கள்

செஞ்சி கடைவீதிக்குப் பின்தெருவில் இட்லி மாவு விற்கும் ஷோபனாவிடம் கையெழுத்துப் போடாத ஆள் அந்தத் தெருவில் குறைவு. மாவு வாங்க வருகிறவர்களின் வீட்டுச் சமையலைப் படம் பிடித்து யூட்யூபில் போடுவது அவளுக்கு இன்னொரு பிழைப்பு. ஆனால் கேட்காமல் செல்லை நீட்ட மாட்டாள். "முதல்ல கையெழுத்து, அப்புறம் சிரிப்பு" என்பாள். தெருவில் அவளுக்கு ஃபார்ம் அக்கா என்றே பெயராகிவிட்டது.

கோர்ட்டுப் பக்கம் டைப் அடிக்கும் இராமச்சந்திரன் அடித்துக் கொடுத்த ஒரு பக்கச் சம்மதத் தாள்தான் அந்த ஃபார்ம். பெயர், முகவரி, செல் நம்பர். எந்த வீடியோ, எங்கே வெளியாகும், முகம் காட்டலாமா கூடாதா. பிற்பாடு மனசு மாறினால் எடுத்துவிடச் சொல்லலாம். பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டுவாள். அம்மா போட்டாலும், பிள்ளை முகத்தைச் சுளித்தால் எடுக்க மாட்டாள். இந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

எதிர்வீட்டு மாடிக்கு அனு குடிவந்து பத்து மாசம். ஆறு வயசு மகளோடு தனியாக வந்தவள், ஜவுளிக்கடையில் வேலை. "அடிக்கிற மனுசன்கிட்டேருந்து வந்துட்டேங்கா. நான் இங்க இருக்கிறது அவனுக்குத் தெரியாது" என்று ஒருநாள் மாவுப் பாத்திரத்தை நீட்டியபடி சொன்னாள். பூண்டுத் தொக்கு வைத்துக் காட்டச் சம்மதித்தபோது, முகம் கூடாது, குரல் கூடாது, பாப்பா வேண்டவே வேண்டாம் என்று தாளில் எழுதினாள். ஷோபனா அப்படியே செய்தாள். கையும் வாணலியும் மட்டும் தெரிந்தன. பேச்சு ஷோபனாவுடையது. ஓரமாக ஓடிய பாப்பாவின் பகுதியை வெட்டி எறிந்தாள்.

அந்த வீடியோவின் கீழே யாரோ ஒருத்தர், 'ஊரார் வீட்டைக் காட்டிச் சம்பாதிக்கிறியே, யாரையாவது கேட்டியா?' என்று எழுதிவிட்டார். ஷோபனாவுக்குச் சுருக்கென்றது. கேட்காமல் எடுக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்க, கேட்டு எடுக்கிறவளைப் பார்த்தா இந்தக் கேள்வி? அடுத்த வீடியோவின் தொடக்கத்திலேயே தாள்களை மேசைமேல் விரித்து, "பாருங்க, ஒவ்வொருத்தர் கையெழுத்தும் இருக்குது" என்று காட்டினாள். நாலு விநாடி. எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது அனுவின் தாள்.

முகத்தை மறைக்கத் தெரிந்தவளுக்குத் தாளை மறைக்கத் தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஒருத்தர், 'மேடம், நிறுத்திப் பார்த்தா நம்பர் எல்லாம் தெரியுது' என்று எழுதியிருந்தார். ஷோபனா உடனே வீடியோவைப் பிரைவேட் ஆக்கினாள். அதற்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். யார் நிறுத்திப் பார்த்தார்கள், யார் படம் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று எந்தப் பட்டனும் சொல்லாது. அவளுக்குப் பதற்றம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. உடம்பு யாருடையதோ போல இருந்தது.

தாள் தெரிந்த பதினொரு வீட்டுக்கும் போனாள். "என் தப்புதான். உங்க நம்பரும் விலாசமும் வீடியோவுல தெரிஞ்சுடுச்சு. தெரியாத நம்பர்லேருந்து போன் வந்தா எடுக்காதீங்க." எல்லா வாசலிலும் அதே வார்த்தைகள். சிலர் திட்டினார்கள். "இன்னாத்துக்கு இதுக்கெல்லாம் டென்சன் ஆவுற?" என்று சிலர் சிரித்தார்கள். இரண்டும் அவளுக்கு ஒன்றாகவே கேட்டன.

அனுவின் வீட்டுக்குத்தான் முதலில் போயிருந்தாள். கதவு பூட்டிக் கிடந்தது. கடைசியாக மறுபடி போனபோது உள்ளே இரண்டு பைகள் கட்டி முடிந்திருந்தன.

"அவன் தங்கச்சி உங்க சேனலைப் பாக்கிறவளாம்" என்றாள் அனு. "மத்தியானம் போன் பண்ணான். தெருப் பேரைச் சொன்னான். வரேன்னான்."

"மகளிர் ஸ்டேசனுக்குப் போலாம் வா. நான் கூட வரேன். நடந்ததை நானே எழுதித் தரேன்."

"புகார் குடுத்துட்டுத்தான் வரேன். அவங்களே வேற எடத்துக்குப் போயிடச் சொன்னாங்க."

ஷோபனா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனாள். பாப்பா, ஸ்கூலில் பாதி வரைந்து வைத்த படத்தைப் பற்றி வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

பஸ் வந்ததும் அனு பையை வாங்கிக்கொண்டாள்.

"எங்க போனாலும் பொய் விலாசம்தாங்கா எழுதுவேன். நீங்க அவ்ளோ மரியாதையா கேட்டீங்க. அதனாலதான் உங்ககிட்ட மட்டும் நெஜத்தை எழுதுனேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அனுவும் பாப்பாவும் ஏறினார்கள். எந்த ஊர் போகிற பஸ் என்று போர்டில் எழுதியிருந்தது. ஷோபனா அதைப் படிக்காமல் திரும்பி நின்றுகொண்டாள், பஸ் போகிற வரைக்கும்.